ஏரி மேல் மேய்ந்த ஆட்டுக்குட்டிகள்: ஒலி விளையாட்டை மொழிபெயர்க்கப் போய் நான் பட்ட பாடு

என் மொழிபெயர்ப்பில் மூன்று ஆட்டுக்குட்டிகள் தண்ணீர் மேல் நின்று புல் மேய்ந்தன. புத்தகம் அச்சாகி 500 பிரதி வந்து இறங்கிய பிறகு, ராயக்கோட்டைப் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புப் பையன் எழுந்து, "மிஸ், ஆடு தண்ணி மேல எப்படி மேயும்?" என்று கேட்டபோதுதான் அது எனக்கே உறைத்தது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. என் சிநேகிதியான அந்த வகுப்பு டீச்சர் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விடச் சிரிப்பே தேவலை என்று இருந்தது.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. படித்தது தமிழ் மீடியம். தேன்கனிக்கோட்டையில் வளர்ந்ததால் கன்னடமும் காதில் ஏறிவிட்டது. எங்கள் பக்கம் இது பெரிய விஷயம் இல்லை, சந்தைக்குப் போய்வர மூன்று மொழியும் வேண்டும். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன மொழிபெயர்ப்பு வேலைகள் செய்துவந்தேன். ஒரு சிறு பதிப்பகம் கூப்பிட்டு, குழந்தைகளுக்கான 32 பக்கப் புத்தகம் ஒன்றைத் தமிழில் தரச் சொன்னது. பெரும்பாலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்து எடுத்த விடுகதை, நா பிறழ் வாக்கியம், குட்டிப்பாட்டு எல்லாம் சேர்த்து 60 உருப்படி. ஒன்றுக்கு 150 ரூபாய் வீதம் 9,000. முன்பணமாகப் பாதி, 4,500, கையில் வந்தது. எல்லாம் ஒன்றிரண்டு வரிதானே என்று நான்கு ராத்திரியில் முடித்து அனுப்பிவிட்டேன். நான்கு ராத்திரியில் 9,000 ரூபாய் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

அந்த ஆட்டுக்குட்டி சமாசாரம் கன்னடத்தில் ரொம்பப் பிரபலமான ஒரு நா பிறழ் வாக்கியம். "தரிகெரே ஏரி மேலே மூரு கரி குரி மரி மேயுத்தித்து." தரிகெரே என்பது சிக்கமகளூரு மாவட்டத்தில் உள்ள ஊர். கன்னடத்தில் 'கெரே' என்றால் ஏரி, 'ஏரி' என்றால் ஏரியின் கரை. நமக்கு ஏரி என்பது தண்ணீர், அவர்களுக்கு ஏரி என்பது மண்மேடு. இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குக் கண் 'ஏரி' என்று படித்தது, கை 'ஏரி' என்று எழுதிவிட்டது. "தரிகெரே ஏரி மேல் மூன்று கறுத்த ஆட்டுக்குட்டிகள் மேய்ந்துகொண்டிருந்தன." பக்கத்து மொழியில் இருந்து பெயர்க்கும்போது அறிமுகமான சொல்தான் அதிகம் கவிழ்க்கும். அறியாத சொல்லுக்கு அகராதியைத் திறப்போம், அறிந்த சொல்லுக்கு யார் திறப்பார்?

ஆனால் அன்றைக்கு என்னை உண்மையில் உட்கார வைத்தது அந்தத் தப்பு இல்லை. டீச்சர் சாக்பீஸ் எடுத்து, 'ஏரி மேல்' என்பதை 'ஏரிக்கரை மேல்' என்று பலகையில் திருத்தி எழுதிவிட்டு, "இப்ப வேகமா சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். ஆறு பிள்ளைகள் எழுந்து ஐந்து தடவை சொன்னார்கள். ஒருவர் நாக்கும் தடுக்கவில்லை. செய்தி வாசிப்பது மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அர்த்தம் இப்போது சரி. ஆனால் நா பிறழ் வாக்கியத்தில் நா பிறழவில்லை என்றால் அது என்ன? மூன்று ஆடு மேய்ந்த தகவல், அவ்வளவுதான். அதை யாருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அப்புறம் விடுகதைப் பக்கம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பழைய விடுகதை உண்டு: கறுப்பு, வெள்ளை, உடம்பெல்லாம் 'ரெட்', அது என்ன? விடை செய்தித்தாள். சிவப்பு என்பதற்கும் 'படிக்கப்பட்டது' என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி, எழுத்து மட்டும் வேறு. காதால் கேட்கும்போது சிவப்பு என்று நினைத்து ஏமாறுவோம். நான் எழுதியிருந்தது: "கறுப்பு, வெள்ளை, உடலெங்கும் சிவப்பு. நான் யார்?" கீழே தலைகீழாக விடை, செய்தித்தாள். பிள்ளைகள் புத்தகத்தைத் திருப்பி விடையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும், "பேப்பர் செவப்பாவா மிஸ் இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டாள். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று அவள்தான் பயந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பதிப்பகத்துக்கு நானே போன் செய்து சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் பாக்கிப் பணம் வந்திருக்கும், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் கழித்து பதில் வந்தது: பாக்கி 4,500 கிடையாது, மறு அச்சுச் செலவில் நான் 6,000 ஏற்க வேண்டும், சரிசெய்து தரவும் வேண்டும். ஒப்பந்தம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாததால் வாதாட எனக்கு வழி இல்லை. ஆக, வாங்கிய 4,500 போக கையில் இருந்து 1,500 கட்டினேன். கணவரிடம் இதைச் சொல்ல ஒரு வாரம் ஆனது. மாங்காய் சீசனில் குத்தகைக்காரரை நம்பி ஏமாந்தபோது அவரை நான் என்னென்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகம் இருந்தது.

திருத்த உட்கார்ந்தபோது முதல் வேலையாக 60-ஐயும் பிரித்தேன். இதை முதல் நாளே செய்திருந்தால் பாதித் துன்பம் இல்லை. சோதனை எளிது. ஓர் உருப்படியின் அர்த்தத்தை மட்டும், உங்கள் சொந்த வார்த்தையில், பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் சுவாரசியம் மிச்சம் இருந்தால் அது காட்சியை நம்பிய விடுகதை, தைரியமாக மொழிபெயர்க்கலாம். வெள்ளைக் கோட்டைக்குக் கதவு இல்லை, உள்ளே தங்கம் இருக்கிறது என்றால் எந்த மொழிக்காரரும் முட்டையைப் பிடித்துவிடுவார். அர்த்தம் சொன்னதும் எதிராளி "சரி, அதுக்கு என்ன?" என்று கேட்டால் அந்த உருப்படி ஒலியில் நிற்கிறது. அதை மொழிபெயர்க்க முடியாது. கஷ்டம் என்று சொல்லவில்லை, முடியாது என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் பெயர்த்து எடுத்துப்போகும் அர்த்தம் அதில் முக்கியமான சரக்கே இல்லை. அந்த வாக்கியத்தை எழுதியவர்கள் ஒலிக்காகச் சொல்லைப் பொறுக்கினார்கள், ஆடும் ஏரியும் தரிகெரேயும் அந்த ஒலியோடு தொற்றிக்கொண்டு வந்தவை. என்னிடம் 60-ல் 22 இப்படித் தேறின, 9 நா பிறழ் வாக்கியம், 13 விடுகதை.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவையும் உண்டு. "கை உண்டு, தட்ட முடியாது" என்று ஆங்கிலத்தில் கடிகாரத்துக்கு ஒரு விடுகதை. அவர்கள் கடிகாரத்துக்குக் கை. நம் கடிகாரத்துக்கு முள். அதனால் "முள் உண்டு, குத்தாது" என்று எழுதினால் முடிந்தது. ஒரே பொருளில் அவர்கள் மொழி வைத்த இரட்டை அர்த்தம் ஓர் இடத்தில், நம் மொழி வைத்தது வேறு இடத்தில். இந்த ஒன்றுதான் இரண்டு நிமிடத்தில் அமைந்தது. மற்றவையும் இப்படியே அமைந்துவிடும் என்று எண்ணி மறுபடி ஒரு முறை ஏமாந்தேன்.

ஆட்டுக்குட்டிக்கு வருகிறேன். கன்னட வாக்கியத்தை ஓசை ஓசையாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். த-ரி, கெ-ரே, ஏ-ரி, மே-லே, மூ-ரு, க-ரி, கு-ரி, ம-ரி. எல்லாம் இரண்டு அசை. ஏழு இடத்தில் ரகரம், நடுவில் ஒரே ஓர் இடத்தில் லகரம். கடைசியில் வரும் கரி, குரி, மரி மூன்றும் தலையெழுத்து மட்டும் மாறி, உடம்பு மாறாமல் வரிசையாக வருகின்றன. நாக்கு 'ரி'க்குப் பழகிவிடுகிறது, தலையில் எது வர வேண்டும் என்பதில்தான் தடுமாறுகிறது. அடுத்து வர வேண்டியது முந்திக்கொண்டு வந்து விழுகிறது. ஆக, இந்த வாக்கியத்தின் பொறி இதுதான்: ஒரே அச்சில் வார்த்த சொற்கள், ஒரு துண்டு மட்டும் மாறிமாறி வருவது. தமிழில் கறுத்த, ஆட்டுக்குட்டி, ஏரிக்கரை மூன்றும் மூன்று வேறு அச்சு. நாக்கு குழம்ப அங்கே இடமே இல்லை.

முதலில் எனக்கு வந்த ஆசை, தமிழிலும் பழைய இலக்கியத்தில் ஆட்டுக்குட்டிக்கு 'மறி' என்று பெயர் இருக்கிறதே, அதையும் 'கரிய' என்பதையும் வைத்துக் கன்னடத்தின் நிழலாகவே ஒன்றைக் கட்டிவிடலாம் என்பது. கட்டியும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எந்தப் பிள்ளைக்கும் 'மறி' தெரியாது. தெரியாத சொல்லில் தடுக்குவது விளையாட்டில் சேராது, அது வெறும் வாசிப்புச் சிரமம். தெரிந்த சொல்லிலேயே வாய் குழறும்போதுதான் பிள்ளைக்குத் தன்னை நினைத்துச் சிரிப்பு வரும்.

அடுத்து எழுதியது இது: "கரையில் கறுத்த குட்டிகள் கடலைக் கொடியைக் கடித்துக் கொறித்தன." எல்லாம் ககரம். எழுதிவிட்டு ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பள்ளியில் மீண்டும் அதே ஆறு பேர். சரசரவென்று சொன்னார்கள், முதல் வாக்கியத்தை விட வேகமாக. அன்றைக்குத்தான் புரிந்தது, மோனை வேறு, நா பிறழ்ச்சி வேறு. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் நாக்குக்குச் சுகம். பாட்டில் மோனை வைப்பதே மனப்பாடம் ஆகட்டும் என்றுதானே. நாக்கு தடுக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு ஒலி மாறிமாறி, ஒரே இடத்தில் வர வேண்டும். "யாரு தச்ச சட்டை, எங்க தாத்தா தச்ச சட்டை" என்று நாம் சின்ன வயதில் சொன்னதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். தகரமும் சகரமும் ஒன்றின் நாற்காலியில் ஒன்று மாறி மாறி உட்காரும்.

மூன்றாவதாக ழகரத்தில் இறங்கினேன். தமிழ் என்றாலே ழ தானே, கிழவனும் வாழைப்பழமும் வழுக்கி விழுவதும் எல்லாருக்கும் தெரிந்த சரக்கு. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் பேசுவது தெலுங்கோ கன்னடமோ. அந்த இரண்டிலும் இன்றைக்கு ழ கிடையாது. பழங்கன்னடத்தில் அது இருந்தது, பிறகு ளகரத்தோடு கரைந்துவிட்டது. தமிழ் வீட்டுப் பிள்ளைகளிலும் ழ-வை ள-வாகச் சொல்பவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளை "ஏளைக் கிளவன் வாளைப்பளம்" என்று ஒரே ளகரத்தில் எக்ஸ்பிரஸ் மாதிரி போய்விடுகிறது. தடுக்கவே இல்லை, எல்லாம் தப்பு. இது ஒரு நுணுக்கமான பொறி: இரண்டு ஒலியையும் வேறுவேறாகச் சொல்கிற நாக்குதான் இரண்டுக்கும் நடுவில் தடுக்கி விழும். இரண்டையும் ஒன்றாகச் சொல்கிற நாக்குக்கு அங்கே பள்ளமே இல்லை. ர, ற விஷயமும் பேச்சில் இதே கதைதான். நீங்கள் யாருக்காக எழுதுகிறீர்களோ அவர்கள் வாயில் எந்தெந்த ஒலி தனித்தனியாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார வேண்டும். ழ பயிற்சிக்கு என்று வாக்கியம் வேண்டுமானால் அது வேறு வேலை, அதைச் சொல்லிக்கொடுத்துத் திருத்த டீச்சர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு வழி காட்டியது அந்த வகுப்பில் தெலுங்கு பேசும் ஒரு பையன். நான் பேந்தப் பேந்த விழிப்பதைப் பார்த்து, "மிஸ், எர்ர லாரி தெல்ல லாரி சொல்லட்டுமா?" என்று கேட்டு, கடகடவென்று சொல்லி மூன்றாவது தடவையில் "தெர்ர லாலி" என்று உருண்டான். சின்ன வயதில் ஓசூர் ரோட்டோரம் நின்று போகிற வருகிற லாரியைப் பார்த்து நானே கத்தியதுதான், மறந்தே போய்விட்டது. ஆங்கிலத்தில் இதற்குச் சோடியாக 'ரெட் லாரி, யெல்லோ லாரி' இருக்கிறது. அங்கே சிவப்பும் மஞ்சளும், தெலுங்கில் சிவப்பும் வெள்ளையும். தெலுங்கில் மஞ்சளுக்குப் 'பசுப்பு'. எர்ர லாரி, பசுப்பு லாரி என்று சொல்லிப் பாருங்கள், செத்துப்போகும். எர்ர, தெல்ல என்று ரகரமும் லகரமும் அழுத்தமாக எதிரும் புதிருமாக நிற்பதால்தான், அடுத்து வரும் லாரியில் லகரமும் ரகரமும் இடம் மாறிவிடுகின்றன. லாரியின் நிறம் என்ன என்று எவரும் கவலைப்படவில்லை. நான் மட்டும் ஆட்டின் நிறம், எண்ணிக்கை, ஊர்ப்பெயர் என்று எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் எனக்கு ஒரு கட்டாயம் இருந்தது. படம். கரை மேல் மூன்று கறுப்புக் குட்டிகள் நிற்கிற முழுப்பக்கப் படம் ஏற்கனவே வரைந்து தயார். அதனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதினேன். விடக்கூடாதவை: கரை, கறுப்பு, குட்டி. விடலாம்: தரிகெரே, மூன்று என்ற எண், மேய்வது. பிறகு 'கருங்குட்டி' என்ற சொல்லை நடுவில் எழுதி, அதே அச்சில் வரும் சொற்களைச் சுற்றிலும் எழுதினேன். குறுங்குட்டி, கருங்கட்டை, குறுங்கட்டை. எழுதும்போதே வாய் குழற ஆரம்பித்தது. மாடு ஓடாமல் இருக்கக் கழுத்தில் கட்டை கட்டி விடுவது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்த்ததுதான், அதை ஆட்டுக்குட்டிக்குக் கட்டினால் என்ன? இப்படி வந்தது:

"குறுங்கட்டை கட்டுன கருங்குட்டி கரைமேல, கருங்கட்டை கட்டுன குறுங்குட்டி கரைகீழ."

மெதுவாகச் சொன்னால் ஒரு தொந்தரவும் இல்லை, அர்த்தமும் தெளிவு. வேகமாகச் சொன்னால் முதல் அசையின் 'கு'வும் 'க'வும், நடுவில் குட்டியும் கட்டையும் இடம் மாறிக் 'குறுங்குட்டை' 'கருங்கட்டி' என்று வாய்க்கு வந்தபடி விழும். மாறுவது உயிரொலி மட்டும்தான், அ, உ இரண்டும் எல்லார் வாயிலும் தனித்தனியாக உண்டு, வீட்டில் எந்த மொழி பேசினாலும் சரி. எழுத்தில் ரு, று வித்தியாசம் இருந்தாலும் விளையாட்டு அதை நம்பி இல்லை. ஆறு பேரில் ஐந்து பேர் மூன்றாவது தடவைக்குள் விழுந்தார்கள். டீச்சரும் விழுந்தாள். இந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு ஒன்பது நாள் ஆனது, தினம் இரண்டு மணி நேரம்.

சோதித்துப் பார்ப்பதில் இரண்டு விஷயம் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். ஒன்று, எழுதியவர் நாக்கை நம்பவே கூடாது. இருபது தடவை சொல்லிச் சொல்லி அது பழகிவிடுகிறது, நல்ல வாக்கியத்தையும் சப்பென்று இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடுவோம். முன்பு கேட்டிராத ஆறு பேரிடம் கொடுத்து, ஒரு தடவை மெதுவாக, பிறகு ஐந்து தடவை மூச்சு விடாமல் சொல்லச் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லும்போதே திணறினால் வாக்கியம் நீளம் அல்லது சொல் கடினம், பிள்ளைகள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஐந்தாவதிலும் விழவில்லை என்றால் பொறி வேலை செய்யவில்லை. இரண்டாவது, வாய் தவறினால் என்ன சொல் வரும் என்று முன்கூட்டியே எழுதிப் பார்க்க வேண்டும். நான் சகரத்தை வைத்து எழுதிய இன்னொரு வாக்கியத்தில் தவறி விழுகிற சொல் நல்ல சொல்லாக இல்லை. பின் பெஞ்சுப் பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டு வேண்டுமென்றே தவறத் தொடங்கினார்கள். டீச்சர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

விடுகதைக்கு வேலை வேறு விதம். அங்கே பொறி, ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம். செய்தித்தாள் படம் இருந்ததால் விடையை மாற்ற முடியாது, கேள்வியைத் தூக்கி எறிந்துவிட்டேன். செய்தித்தாளைச் சுற்றித் தமிழில் என்னென்ன சொல் புழங்குகிறது என்று பட்டியல் போட்டேன்: தாள், பக்கம், பத்தி, வரி, அச்சு, தலைப்பு, மடிப்பு. ஒவ்வொன்றுக்கும் வேறு அர்த்தம் உண்டா என்று பார்த்தால் ஆச்சரியம், பாதிக்கு மேல் உண்டு. தாள் என்றால் பாதம், ஆனால் அதைக் குறளில் மனப்பாடம் செய்வதோடு சரி, பிள்ளைகள் காலைத் தாள் என்று சொல்வதில்லை, அதனால் தள்ளிவிட்டேன். சேலைத் தலைப்பு என்றால் பாட்டிகளுக்குப் புரியும், எங்கள் பிள்ளைகளுக்கு அது முந்தானை. பத்தி, வரி, அச்சு மூன்றும் நின்றன. முதலில் "வரி உண்டு" என்று மட்டும் ஆரம்பித்தேன், எல்லாரும் புலி என்று கத்தினார்கள். அதுவும் சரியான விடைதானே, என்ன சொல்ல முடியும்? கடைசியில் வந்தது:

"பத்தி உண்டு, மணக்காது. அச்சு உண்டு, உருளாது. வரி உண்டு, கட்ட வேண்டாம். நான் யார்?"

டிராக்டர் அச்சு முறிந்ததைப் பார்த்த பையனுக்கு இரண்டாவது துண்டு பிடிபட்டது. அப்பாவோடு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் வீட்டு வரி கட்டிய பெண்ணுக்கு மூன்றாவது. விடை தெரிந்த பிறகு, தெரியாதவர்களும் "அட, ஆமா" என்றார்கள். அந்த "அட" வர வேண்டும். விடையைப் பார்த்த பிறகும் விளக்கம் கேட்டால் விடுகதை தோற்றுவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துக்கூட்டு இருப்பது சகஜம், அதனால் காதை ஏமாற்றும் விடுகதை அங்கே ஏராளம். தமிழில் பெரும்பாலும் ஒலி ஒன்றானால் எழுத்தும் ஒன்று. ல, ள, ழ போன்ற இடங்களில்தான் பேச்சில் ஒன்றாகி எழுத்தில் பிரியும். நான் அந்த ஆசையில், ராஜா இடுப்பிலும் குரங்கின் பின்னாலும் தொங்குவது என்ன என்று ஒன்று எழுதினேன், வாள், வால். வாயால் கேட்டால் நன்றாகவே இருந்தது. ஆனால் அச்சில் விடையை எப்படிப் போடுவது? ஒன்றைப் போட்டால் மற்றது பொய், இரண்டையும் போட்டால் வேறுவேறு என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். டீச்சரும், "நானே வருஷம் பூரா ல, ள திருத்திட்டு இருக்கேன், நீ வேற ஏண்டி" என்றாள். அச்சுக்கு எழுதும்போது எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாக இருக்கும் சொல்லையே தேடுங்கள்.

புதிதாகக் கட்டும் முன், அந்த வடிவம் நம் மொழியிலேயே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புத்தகத்தில் ஓர் இந்தி விடுகதையும் இருந்தது, பழைய கவிஞர் அமீர் குஸ்ரோ பெயரில் வழங்குவது. சமோசா ஏன் தின்னவில்லை, செருப்பு ஏன் போடவில்லை என்று இரண்டு கேள்வி, இரண்டுக்கும் ஒரே பதில், "தலா ந தா". 'தலா' என்றால் பொரித்தது, செருப்பின் அடித்தோலும் தலா, 'ந தா' என்றால் இல்லை. இதைத்தான் தமிழில் இருசொல் அலங்காரம் என்பார்கள் என்று டீச்சர் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வடிவம் தெரிந்ததும் வேலை சுலபம். சமோசா, செருப்பு படம் சிறியதாக இருந்ததால் மாற்றிக்கொடுக்க ஓவியர் ஒத்துக்கொண்டார். "வாசலில் குப்பை ஏன்? கணக்கில் பிழை ஏன்?" பதில்: கூட்டாததால்.

22-ஐயும் முடிக்க இரண்டரை மாதம் ஆனது. அதிலும் 3 உருப்படியைக் கடைசி வரை கட்ட முடியவில்லை, பதிப்பகத்திடம் சொல்லி எடுத்துவிட்டு அந்தப் பக்கங்களில் நம் ஊர் விடுகதைகளைப் போட்டோம். முன்கூட்டியே கேட்டால் அதற்கும் சம்மதிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. இப்போது இந்த மாதிரி வேலை வந்தால் முதலில் முழுவதையும் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தொகை சொல்கிறேன். மொழிபெயர்ப்புக்கு ஒரு விலை, ஒலி உருப்படிக்கு ஐந்து மடங்கு, அதுவும் "புதிதாக எழுதுவது" என்று எழுத்தில் குறிப்பிட்டு. படம் வரைந்தாகிவிட்டதா, மாற்ற இடம் உண்டா என்பதையும் அதே காகிதத்தில் கேட்டுவிடுகிறேன். ஒருவர் "ஒத்த வரிக்கு இவ்ளோவா மேடம்?" என்று கேட்டார். கருங்குட்டி வாக்கியத்தைக் கொடுத்து ஐந்து தடவை சொல்லச் சொன்னேன். மறுபேச்சு இல்லை.

மறு அச்சு வந்ததும் அதே வகுப்புக்கு எடுத்துப்போனேன். ஓவியர் என் வேண்டுகோளின்படி பழைய படத்திலேயே ஒரு குட்டியின் கழுத்தில் குட்டையாக ஒரு கட்டை, இன்னொன்றின் கழுத்தில் கறுப்பாக ஒரு கட்டை வரைந்து, இரண்டாவதைக் கரைக்குக் கீழே இறக்கிவிட்டிருந்தார். பிள்ளைகள் கத்திக் கத்திச் சொல்லி விழுந்தார்கள். தண்ணீர் மேல் ஆடு எப்படி மேயும் என்று கேட்ட அதே பையன் மட்டும் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கை தூக்கினான். "மிஸ், மூணாவது குட்டிக்கு ஏன் கட்டை கட்டல?"